ஆறு மாத விரதம்

நெடுந்தீவில் ஈரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மாற்று ஈரல் வேண்டிய அவரிடம், "ஆறு மாதம் மது தொடாதிரும்" என்கிறார் வைத்தியர். "கள்ளுந்தான் மதுவோ?" என்கிறார் நோயாளி. நூற்றுக்கு 5 பங்கு மதுசாரமுள்ள ஒரு லீற்றர் கள்ளில் ஏறத்தாழ 40 கிராம் மதுசாரம் உண்டு. ஈரல் கள்ளையும் சாராயத்தையும் வேறுபடுத்துவதில்லை.

இவ்விரதம் தண்டனையன்று. மது நின்றால் வீக்கம் தணியும். சிலருக்கு மூன்று மாதத்துள் நீர் வற்றி, சத்திரசிகிச்சையே வேண்டாமற் போகும். மற்றையது, அரிதாய்க் கிடைத்த ஈரல் மீண்டும் மதுவால் கெடலாகாது என்பது.

விரதத்தை எங்ஙனம் அறிவர்? அவர் சொல் மட்டும் போதாது. மனைவியைத் தனியே வினவுவர். மனநோய் வைத்தியர் பேசுவார். சிறுநீர்ச் சோதனை சில நாள் முன் குடித்ததைக் காட்டும். இரத்தத்தில் பொஸ்பற்றிடைல் எதனோல் என்னும் பொருள் இரண்டு முதல் நான்கு வாரம் வரை தங்கும். சறுக்கியதிலும், சறுக்கியதை மறைத்ததே பெரிதும் ஐயத்தைத் தரும்.

ஆயினும் மதுவால் ஈரல் கடுமையாய் அழன்றவர் சிலர் ஆறு மாதம் வாழ்வதில்லை. 2011இல் வெளியான பிரெஞ்சு, பெல்ஜிய ஆய்வில் தேர்ந்தெடுத்த 26 பேருக்குக் காத்திராது ஈரல் மாற்றினர். ஆறு மாதத்தில் நூற்றுக்கு 77 வீதத்தினர் பிழைத்திருந்தனர். மாற்றுப் பெறாத ஒத்த நோயாளரில் 23 வீதத்தினரே. அந்த 26 பேரில் மூவர் பின்னர் மீண்டும் குடித்தனர். எனவே இன்று பல நிலையங்கள் நாட்காட்டியை மட்டும் பாராது, நோயாளி தம் குடியை ஒப்புக்கொள்கிறாரா, வீட்டார் துணை நிற்பரா என்பவற்றையும் சேர்த்தே நிறுக்கின்றன.