பின் எங்கே, நாம எங்கே: கோலாலம்பூரில் ஒரு கேன்சல்

இந்த எபிசோடுல ஒரு டாக்ஸி ஆப்போட மூணு ஸ்க்ரீனைப் பத்திப் பேசலாம். இடம், கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரல். நான், அம்மா, அப்பா, நாலு பெட்டி. ஏர்போர்ட் ரயிலுக்கு ஒருத்தருக்கு 55 ரிங்கிட், மூணு பேருக்கு 165. ஆப்ல கார் 68 ரிங்கிட்னு காட்டுச்சு. கார்தான்னு முடிவு பண்ணினோம்.

முதல் ஸ்க்ரீன், கட்டணம். அந்த 68-க்குக் கீழே சின்ன எழுத்துல "Tolls not included" என்று இருந்தது. மலேசியாவில் டோல் பணம் டிரைவரோட கார்டுல இருந்து போகும். அப்புறம் நம்ம பில்லில் தனி வரியாகச் சேரும். அதனால பெரிய எழுத்துல இருக்கறது முழுத் தொகை இல்லை.

இரண்டாவது, பிக்கப் பாயிண்ட். நான் கவனிக்காம விட்டது இதைத்தான். கட்டடத்துக்குள்ள ஜிபிஎஸ் சிக்னல் சரியா வராது. போன் பக்கத்துல இருக்கற வைஃபையை வெச்சு ஓர் ஊகம் பண்ணும். நீலப் புள்ளியைச் சுற்றி வட்டம் பெரிசா தெரிஞ்சா, போனுக்கே நிச்சயமில்லைன்னு அர்த்தம். ஆப் அந்த ஊகத்தை எடுத்து ஏதோ ஒரு சாலையில் பின் குத்திடும். மேப்புக்கு மாடியும் தெரியாது. எனக்கு ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் குத்தியிருந்தது. நாங்க நின்னது ஜாலான் ஸ்டேசன் சென்ட்ரல் பக்கம்.

கார் பின் இருந்த இடத்துக்கு வந்ததும் "Arrived" ஆச்சு, காத்திருப்பு நேரம் ஓட ஆரம்பிச்சது. ஆப்பைப் பொறுத்தவரை டிரைவர் சரியான இடத்துல இருக்கார், நான்தான் வரலை. அவர் போன் பண்ணி, "சுத்தி வர முடியாது, நீங்களே கேன்சல் பண்ணுங்க"ன்னார். பதற்றத்துல மூணாவது ஸ்க்ரீனைப் படிக்காமலே அமுக்கிட்டேன். 5 ரிங்கிட் போச்சு. காரணம் கேட்ட பட்டியல்ல "Driver asked me to cancel"னு ஒரு வரி இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். நான் தேர்ந்தெடுத்தது "Wrong pickup point". மறுபடி புக் பண்ணினப்ப கட்டணம் 81.

தப்பு பின்மேலதான், அதனால அந்த 5 ரிங்கிட்டை நான் திருப்பிக் கேட்கலை. ஆனா டிரைவர் பின் இருந்த இடத்துக்கே வராம கேன்சல் பண்ணச் சொன்னா கதை வேற. அப்ப உண்மையான காரணத்தைத் தேர்ந்தெடுங்க, சாட்டையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

இரண்டாவது தடவை பின்னை இழுக்கவே இல்லை. ஆப்ல வாசல் பெயரோட வர்ற பட்டியலைத் திறந்தேன். தலைக்கு மேல இருந்த போர்டுல என்ன பெயரோ, அதையே தேர்ந்தெடுத்தேன். டிரைவருக்கு அந்தப் போர்டோட போட்டோவையும் அனுப்பினேன். ஆறு நிமிஷத்துல கார் வந்துடுச்சு. அம்மா ஏறி உட்கார்ந்ததும் கேட்டாங்க: "இதை முதல்லயே பண்ணியிருக்கலாமேடா?"

பண்ணியிருக்கலாம்தான். அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.