ஒருவரே சான்றாகும் ஆய்வு



ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் வரையுள்ள பழைய தோட்டங்களில் மரம் சீவியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இவ்வவையில் பலர். அவர்களுக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரம் இலையுதிர்க்கும். மங்கில் பால் குறையும். புதிய இலை முற்றியதும் பால் தானே பெருகும். அந்நேரம் பார்த்து ஒருவர் பால் தூண்டும் மருந்தைப் பூசிவிட்டு, "மருந்தால் பால் பெருகிற்று" என்றால் நாம் ஏற்போமா? பூசுமுன் பல நாள் அளந்த கணக்கு எங்கே என்று கேட்போம்.

வகுப்பறையில் அக்கேள்வியை நாம் கேட்பதில்லை. பின்தங்கிய மாணவனுக்குத் தனிப்பயிற்சி அளிக்கிறோம். அவன் தேறினால் பயிற்சியைப் பாராட்டுகிறோம். தேறாவிட்டால் அவனைக் குறை கூறுகிறோம். இரண்டிற்கும் சான்று இல்லை. தோட்டம் கலைந்தபின் நிலைத்திருக்கும் சிறு தமிழ்ப்பள்ளிகளில் ஒரு வகுப்பில் பத்துப் பேர்கூட இரார். இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிட அங்கு வழியில்லை. ஒருவனை அவனோடே ஒப்பிடுவதுதான் வழி.

அவ்வழிக்குப் புகழ்பெற்ற முன்மாதிரி ஒன்றுண்டு. அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் நடத்தி, 1968இல் ஹால், லண்ட், ஜேக்சன் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வில் ராபி என்னும் மூன்றாம் வகுப்புச் சிறுவன் வருகிறான். பாட வேளையில் ரப்பர் வளையத்தைச் சுண்டி விளையாடுபவன் அவன். பயிற்சிக்கு முன்பு, வேளையில் ஏறத்தாழ 25 விழுக்காடே படித்தான். இதனைத் தொடக்க அளவுக் கட்டம் என்போம். படிக்கும்போது மட்டும் ஆசிரியை அவனைக் கவனித்துப் பாராட்டியதும் அது 71 விழுக்காடானது. பின்பு பாராட்டை வேண்டுமென்றே நிறுத்தினர், 50க்கு இறங்கியது. மீண்டும் பாராட்டினர், 70க்கு மேல் ஏறியது. கொடுத்தால் ஏறி, எடுத்தால் இறங்கியதே சான்று.

ஆனால் எழுத்துப்பிழை திருத்துவதற்கு இம்முறை பொருந்தாது. கற்றதை மறக்கச் சொல்ல இயலாது. அங்கே எடுப்பதற்குப் பதில் காலத்தைத் தள்ளிவைப்போம். ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்ப்போம்.

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் மூன்று தொகுதிகளில் தடுமாறுகிறான்: ல, ள, ழ, ர, ற, ன, ண, ந. ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு கடினமான அறுபது சொற்களை முன்னரே எழுதி வைக்கிறோம். நாள்தோறும் தொகுதிக்குப் பத்துச் சொற்களைச் சீட்டெடுத்துச் சொல்வதெழுதுதல் நடத்துகிறோம்.

முதல் ஐந்து நாள் பயிற்சியே இல்லை. ல, ள, ழ தொகுதியில் 4, 3, 4, 4, 3 என்று நிற்கிறான். ஆறாம் நாள் அத்தொகுதிக்கு மட்டும் பயிற்சி தொடங்குகிறது. சில நாளில் 8ஐ எட்டுகிறான். மற்ற இரண்டும் 4ஐ ஒட்டியே நிற்கின்றன. பதின்மூன்றாம் நாள் ர, ற. இருபதாம் நாள் ன, ண, ந. ஒவ்வொன்றும் தன் முறை வந்தபின்னரே ஏறுமாயின், மூன்று வெவ்வேறு நாள்களில் மூன்று முறை அதே விளைவைக் கண்டோம். வயது ஏறியதாலோ வீட்டில் யாரோ சொல்லிக் கொடுத்ததாலோ நேர்ந்திருந்தால் மூன்றும் ஒருங்கே ஏறியிருக்கும்.

பிழை நேரும் இடங்களும் உள. தொடக்க அளவு 3, 4, 5, 6 என ஏறிக்கொண்டிருந்தால் பயிற்சியைத் தொடங்கலாகாது. நிலைபெறும்வரை பொறுக்க வேண்டும். மிகத் தாழ்ந்த மதிப்பெண் கண்ட மறுநாளே பதறித் தொடங்குவதும் தவறு. தாழ்ந்த நாளை அடுத்து வழக்கமான நாள் தானே வரும். அதைப் பயிற்சியின் பயனென்று மயங்குவோம். பயிற்சியில் எழுதிய சொற்களையே தேர்விற்கும் எடுத்தால் நாம் அளப்பது மனப்பாடத்தை. ஆகவே பயிற்சிச் சொற்கள் வேறாக இருத்தல் வேண்டும்.

முதல் தொகுதிக்குப் பயிற்சி நடக்கையிலேயே இரண்டாவதும் ஏறினால் என்ன சொல்வது? கற்ற உத்தி அங்கும் பரவியிருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம். இரண்டையும் இவ்வாய்வு பிரித்துக் காட்டாது. நல்ல செய்திதான், ஆயினும் சான்று குறைந்தது என்றே எழுத வேண்டும்.

இவ்வாய்வு அந்த ஒரு மாணவனுக்கே விடை தரும். அடுத்த மாணவனுக்கு ஐந்து நாள் கணக்கை மீண்டும் எடுக்க வேண்டும். அக்கணக்கில் கோடு ஏறாது நின்றால், மாற்ற வேண்டியது நம் பயிற்சியை. அவன்மீது முத்திரை குத்த அக்கணக்கு நமக்கு உரிமை தரவில்லை.