பகல் ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட், நடுவே 12 மணி நேரம்

ஒரகடத்தை ஒட்டிய வடக்குப்பட்டுப் பக்கம் டெக்னீஷியன் வேலைக்கு ஆளெடுக்கும் விளம்பரங்களில் இப்போது அடிக்கடி காணும் வரி: "பெண்களும் விண்ணப்பிக்கலாம், பாதுகாப்பான வாகன வசதி உண்டு."

இதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், இரவு 7 மணிக்கு மேல் காலை 6 மணி வரை பெண்களை ஆலையில் வேலை வாங்கத் தடை போட்டிருந்தது. வசந்தா என்பவர் தொடுத்த வழக்கில், 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்றது. கூடவே நிபந்தனைகளும் விதித்தது. வாகன வசதி அதில் ஒன்று. பகல் ஷிஃப்டிலிருந்து இரவுக்கு மாற்றினால் இடையில் தொடர்ந்து 12 மணி நேர ஓய்வு தர வேண்டும் என்பது இன்னொன்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 6 மணிக்கு வந்த பெண் 2 மணிக்கு வீடு திரும்புகிறார். ஆள் குறைகிறது, அன்றிரவே 10 மணிக்கு வாருங்கள் என்கிறார்கள். இடைவெளி 8 மணி நேரம்தான். கூடாது.

பஸ் விஷயத்தில் கேட்க வேண்டியது, இரவு 10 மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் அது வீட்டுத் தெரு வரை வருமா, மெயின் ரோட்டோடு நின்றுவிடுமா என்பது. என்னைக் கேட்டால் சம்பளத்துக்கு முன்பே இதைக் கேட்டுவிடலாம்.

விளம்பரத்தில் "சம்பளத்துடன் பயிற்சி" என்றிருந்தால், அப்ரெண்டிஸா, கம்பெனி ஊழியரா என்று ஆர்டரில் பாருங்கள். அப்ரெண்டிஸ் சட்டப்படி சேர்ந்தவருக்குக் கிடைப்பது உதவித்தொகை, அதில் பி.எஃப். பிடித்தம் இருக்காது.