முறைப்பாட்டுக் குழுவில் யார் இருக்கிறார்கள்?

(திரியாயில் நடந்த தொழிற்சட்ட வகுப்பில் ஆற்றிய உரை)



போன வகுப்பில் சம்பளச் சபை பற்றிப் பேசினோம். இன்று வேலைத்தளத்தில் பெண்களுக்கு நடக்கும் தொந்தரவையும், அதைத் தடுக்க நிர்வாகம் செய்ய வேண்டியதையும் பேசுவோம். மலையகத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களும் இங்கே வயலிலும் வாடியிலும் வேலை செய்கிறவர்களும் ஒன்றாக இருக்கிறோம். ஆகவே எல்லோருக்கும் பொருந்தும் ஓர் இடத்திலிருந்து தொடங்குவோம்.

தமிழ்நாட்டில் திண்டுக்கல் பக்கம் நாச்சி அப்பாரல் என்ற தையல் ஆலை இருக்கிறது. ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் கம்பனிக்குச் சொந்தமானது. 2021 ஜனவரியில் அங்கு வேலை செய்த ஓர் இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அதே ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். அவர் அந்தப் பெண்ணை நெடுநாளாகத் தொல்லைப்படுத்தி வந்தார் என்று குடும்பத்தாரும் சக தொழிலாளிகளும் சொன்னார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தியாவில் 2013ஆம் ஆண்டிலிருந்தே இதற்கெனத் தனிச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேர், அதற்கு மேல் வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் முதலாளி ஓர் உள்ளக முறைப்பாட்டுக் குழு வைக்கவேண்டும். சட்டம் இருந்த நாட்டில்தான் அந்தப் பெண் இறந்தார். தேயிலைத் தோட்டத்திலும் இதே கதைதான். 2023 பெப்ரவரியில் கென்யாவின் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி பிபிசி ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. மேற்பார்வையாளர்கள் வேலையைக் காட்டித் தங்களைப் பாலியல் ரீதியாக வற்புறுத்தியதாக 70க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் சொன்னார்கள். அந்தத் தோட்டங்களை நடத்திய பெரிய கம்பனிகளில் ஒன்று, இதைத் துளியும் பொறுக்கமாட்டோம் என்ற கொள்கையைப் பல வருடங்களுக்கு முன்னரே எழுதி வைத்திருந்தது.

அப்படியானால் எங்கே பிசகுகிறது? பெரும்பாலும் குழுவில் யார் இருக்கிறார்கள் என்ற இடத்தில்தான். இந்தியச் சட்டத்தின்படி தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்கவேண்டும். ஊழியர்களிலிருந்து குறைந்தது இருவர், வெளியே ஒரு பெண்கள் அமைப்பிலிருந்தோ இந்த விடயம் தெரிந்தவர்களிலிருந்தோ ஒருவர், மொத்தத்தில் பாதிப்பேராவது பெண்கள். வெளியாள் எதற்கு? துரையிடம் சம்பளம் வாங்காத ஒருவராவது அந்த மேசையில் இருக்கவேண்டும் என்பதற்காக. அந்த ஒருவரையும் நிர்வாகமே தனக்குப் பிடித்த ஆளாகப் பார்த்துப் போட்டுவிட்டால் குழு காகிதத்தில் மட்டுமே இருக்கும். உறுப்பினர்களின் பெயரை ஆலையிலோ தோட்டத்திலோ நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கும் தெரியவில்லை என்றால் குழு இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

நாச்சி ஆலையில் அதற்குப் பின் நடந்ததுதான் நமக்குப் பாடம். தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் கொமன் லேபர் யூனியன் என்ற சங்கம், பெண்கள் தலைமையில் நடப்பது, போராடி 2022 ஏப்ரலில் ஓர் உடன்படிக்கையைப் பெற்றது. அதைத் திண்டுக்கல் உடன்படிக்கை என்கிறார்கள். ஆலை முதலாளி ஒரு பக்கம் கையெழுத்திட்டார். துணி வாங்கும் எச் அண்ட் எம், பிறகு கேப், பி.வி.எச். கம்பனிகளும் கட்டுப்பட்டன. ஆலை சொன்னபடி நடக்காவிட்டால் ஓடர் பாதிக்கும். தொழிலாளிகளுக்குள்ளிருந்தே பெண்களைச் சங்கம் தெரிந்து பயிற்சி கொடுத்து, தையல் வரிசைகளில் கண்காணிப்பாளர்களாக வைத்தது. கத்துவது, கெட்ட வார்த்தை சொல்வது, முதுகில் தட்டுவது என்று சிறியதாக இருக்கும்போதே அவர்கள் அதை எழுதி நிர்வாகத்தின் முன் வைப்பார்கள். முதல் ஆண்டில் 185 முறைப்பாடுகள் வந்தன, 182 தீர்ந்தன. எல்லாம் பாலியல் தொந்தரவு அல்ல. ஆனால் சின்ன முறைப்பாட்டுக்குப் பதில் கிடைக்கிறது என்று கண்டவர்தான் பெரியதைச் சொல்லத் துணிவார்.

இனி நம் தோட்டத்துக்கு ஓர் உதாரணத்தை நாமே அமைத்துப் பார்ப்போம். ஒரு பெண் கொழுந்து நிறுக்க வரும்போது கங்காணி கையைப் பிடிக்கிறார். அவர் உதறிவிட்டுத் திட்டுகிறார். மறுநாள் பெரட்டில் அவருக்குச் செங்குத்தான மலை. நிறையில் வெட்டு. வார முடிவில் ஒரு நாள் அரைப்பேர். கையைப் பிடித்ததற்குச் சாட்சி இல்லாமல் போகலாம். ஆனால் அதற்கு முந்திய மாதத்துச் செக்ரோலும் பிந்திய மாதத்துச் செக்ரோலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழிவாங்கியது தெரியும். நிறுத்த இடத்தில் வரிசையில் நின்றவர்கள் யார் யார் என்று அன்றைக்கே எழுதி வைக்கவேண்டும். திகதி, நேரம், மலை இலக்கம், சொன்ன வார்த்தை, எல்லாம்.

இந்தியச் சட்டத்தில் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கவேண்டும். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பது குழுவின் கடமை. ஏழு வேலைநாளில் பிரதி எதிராளிக்குப் போகும். விசாரணை 90 நாளுக்குள் முடியவேண்டும். முடிந்து 10 நாளில் அறிக்கை, அதற்குப்பின் 60 நாளுக்குள் முதலாளி நடவடிக்கை எடுக்கவேண்டும்.

இந்த இடைக்காலம்தான் மிக ஆபத்தானது. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். "பிரச்சினை வேண்டாம்" என்று சொல்லிப் பெண்ணை வேறு டிவிசனுக்கு மாற்றுவார்கள். குழந்தை இங்கே பள்ளிக்கூடம், லயம் இங்கே, வேலை நாலு மைல் தள்ளி. தண்டனை யாருக்கு? இந்தியச் சட்டத்தில் பெண் எழுதிக் கேட்டால் அவரையோ எதிராளியையோ மாற்றலாம், மூன்று மாதம் வரை லீவு கொடுக்கலாம், எதிராளி அவருடைய வேலையைப் பற்றி மதிப்பிட்டு எழுதுவதையும் தடுக்கலாம். கொழுந்து நிறுக்கிற கங்காணி விடயத்தில் இந்தக் கடைசியே போதும். அந்தப் பெண்ணின் தராசுக்கு வேறு ஆள் நிற்கட்டும். சமாதானம் பேசுவதும் பெண் தானாகக் கேட்டால் மட்டுமே, அதுவும் பணம் கொடுத்து முடிக்கக்கூடாது. இரண்டு பேரையும் அழைத்துக் கைகொடுக்கச் சொல்லும் நம் சில தலைவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இலங்கையில் தனியார் தோட்டங்கள் இப்படிக் குழு வைக்கவேண்டும் என்ற தனிச் சட்டத்தைக் காட்ட முடியாது. நம் கையில் இருப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு. 1995இல் திருத்தியபோது, வேலைத்தளத்தில் அதிகாரத்தில் இருப்பவர் சொல்லாலோ செயலாலோ விருப்பமில்லாமல் தொந்தரவு செய்வதையும் அதில் சேர்த்தார்கள். ஐந்து வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நட்டஈடும் கொடுக்க உத்தரவிடலாம். அது பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் போகிற வழி. குற்றம் செய்தவரைப் பிடிக்குமே தவிர, தராசில் யார் நிற்பது என்று துரைக்குச் சொல்லாது. தோட்டத்தில் குழு கூடினாலும் கூடாவிட்டாலும் பொலிசுக்குப் போகும் உரிமை பெண்ணுக்கு அப்படியே இருக்கிறது. "முதலில் உள்ளே தீர்ப்போம், பிறகு பார்க்கலாம்" என்று எவரும் தடுக்கக்கூடாது.

திண்டுக்கல்லில் துணி வாங்குபவரின் கையில் கடிவாளம் இருந்தது. நம் தேயிலையில் பெரும்பங்கு கொழும்பு ஏலத்துக்குப் போய்க் கலந்துவிடுகிறது. எந்தத் தோட்டத்துக் கொழுந்து எந்தப் பெட்டிக்குப் போனது என்று பிடிப்பது கஷ்டம். அதனால் நாம் தோட்ட நிர்வாகத்துடனேயே எழுத்தில் உடன்பாடு செய்யவேண்டியிருக்கிறது. அந்த எழுத்தில் நாம் கேட்பவை: குழுவில் பாதிக்கு மேல் கொழுந்துப் பெண்கள், அவர்களை மாதர் கமிட்டி தெரிவது, வெளியாளைச் சங்கமும் நிர்வாகமும் சேர்ந்து ஏற்பது, முறைப்பாட்டுக்கு இலக்கமும் திகதியும் போட்டுப் பிரதி கொடுப்பது, விசாரணை முடியும்வரை பெண்ணின் மலையையும் தராசையும் எதிராளி தொடாமல் இருப்பது.

தேநீருக்குப் பிறகு தோட்டவாரியாகப் பிரிந்து உட்காருவோம். கைப்பிரதியில் உள்ள கங்காணி உதாரணத்துக்கு முறைப்பாட்டுக் கடிதத்தைப் பெண்கள் எழுதுங்கள். துரையின் பதிலை ஆண்கள் எழுதுங்கள்.