கணக்கேடும் வரைபடமும்: எந்தப் பணத்திற்கு எது?

(சங்கத்தின் பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

பங்குச் சந்தை பற்றிப் பேசும்படி எங்களைக் கேட்டார்கள். "எங்களை" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அண்ணன், மச்சான், நான் ஆகிய மூவரும் ஒன்றாகக் கடை வைத்திருக்கிறோம், பங்கிலும் ஒன்றாகவே பணம் போட்டோம். நட்டமும் மூவருக்கும் பொது. அந்த நட்டத்திலிருந்தே தொடங்குகிறோம்.

2020 அக்டோபர். கோவிட் காலம். மலேசிய ரப்பர் கையுறைப் பங்குகள் எல்லார் வாயிலும் இருந்தன. நண்பர் ஒருவர் கைப்பேசியில் ஒரு வரைபடம் அனுப்பினார். "இரண்டே வாரம், ஏறியதும் விற்றுவிடு" என்றார். பெருநாள் சரக்கு எடுக்க ஒதுக்கியிருந்த 12,000 வெள்ளியை ஒரு கையுறைப் பங்கில் போட்டோம். நவம்பரில் விலை இறங்கியது. அப்போதுதான் நாங்கள் அந்த நிறுவனத்தின் கணக்கறிக்கையைத் தேடிப் படித்தோம். இலாபம் மலைபோல் இருந்தது. "நல்ல கம்பெனி, வைத்திருப்போம்" என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம். இரண்டு வாரம் ஒன்றரை வருடமாகியது. 2022 நோன்பு மாதத்திற்கு முன் சரக்குக்குப் பணம் தேவைப்பட்டு விற்றபோது, கையில் வந்தது சுமார் 3,000 வெள்ளி.

குற்றம் நிறுவனத்தின்மேல் இல்லை. வரைபடத்தைப் பார்த்து வாங்கினோம், கணக்கேட்டைப் பார்த்து வைத்துக்கொண்டோம். அந்தக் கணக்கேட்டையும் சரியாகப் படிக்கவில்லை.

இரண்டு முறைகளையும் கடை வழக்கில் சொல்கிறோம். விற்பனைக்கு வரும் ஒரு கடையை வாங்கப் போகிறவர் அதன் கணக்கு நோட்டைக் கேட்பார். விற்பனை எவ்வளவு, கடன் எவ்வளவு, கையில் மிஞ்சுவது எவ்வளவு என்று பார்ப்பார். இது அடிப்படைப் பகுப்பாய்வு. இன்னொருவர் எதிர்க்கடையில் தேத்தண்ணீர் குடித்தபடி, அந்தக் கடைக்குள் நுழையும் கூட்டம் கூடுகிறதா குறைகிறதா என்று மட்டும் பார்ப்பார். இது தொழில்நுட்பப் பகுப்பாய்வு, அதாவது விலை வரைபடத்தைப் படிப்பது. முன்னவர் கடையின் மதிப்பைத் தேடுகிறார். பின்னவர் வாங்குவோரின் போக்கைத் தேடுகிறார்.

இதற்கு டாப் குளோவ் நிறுவனத்தின் வெளிப்படையான கணக்கே நல்ல உதாரணம். 2001 முதல் நம் பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம் அது. அதன் கணக்கு ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் முடியும். கோவிட்டுக்கு முந்திய 2019 கணக்கு ஆண்டில் இலாபம் சுமார் 37 கோடி வெள்ளி. 2021இல் சுமார் 790 கோடி. பங்குகள் ஏறக்குறைய 800 கோடி. ஆகவே 2021இல் ஒரு பங்குக்குக் கிடைத்த இலாபம் சுமார் 98 காசு. அந்தக் கணக்கு ஆண்டு முடியும்போது பங்கின் விலை 4 வெள்ளி அளவில் இருந்தது. நாலு வருட இலாபத்தில் போட்ட பணம் திரும்பிவிடும்போல் தெரிந்தது. இதைவிட மலிவு உண்டா என்று பலர் வாங்கினார்கள்.

அந்த இலாபம் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். ஆயிரம் கையுறை 20, 25 அமெரிக்க டாலருக்கு விற்றது போய், கோவிட் உச்சத்தில் 100 டாலரைத் தாண்டியது. கூடுதல் கையுறை விற்றதைவிட விலை ஏறியதே இலாபத்திற்குப் பெரிய காரணம். அந்த விலையைப் பார்த்துச் சீனாவிலும் இங்கும் புதிய ஆலைகள் எழுந்தன. 2020 தொடக்கத்தில் முகக் கவசம் விற்ற கடைக்காரர்களுக்கு இது தெரியும். அந்த இலாபத்தை நம்பி எவரும் பத்து வருடக் கடை வாடகைக்குக் கையெழுத்துப் போடமாட்டார்.

நீண்ட காலத்திற்கு வாங்குகிறவர் சாதாரண ஆண்டின் இலாபத்தைக் கொண்டு கணக்குப் போட வேண்டும். 37 கோடியை 800 கோடிப் பங்குக்குப் பிரித்தால் ஒரு பங்குக்கு நாலரைக் காசு சொச்சம். அதற்கு 20 மடங்கு விலை தாராளமாகக் கொடுத்தாலும் 92 காசுதான் வருகிறது. 2022இல் அந்தப் பங்கு ஒரு வெள்ளிக்குக் கீழே இறங்கியது. 2023 கணக்கு ஆண்டில் நிறுவனம் 90 கோடி வெள்ளிக்கு மேல் நட்டம் காட்டியது. ஆக, கணக்கேடு பொய் சொல்லவில்லை. நாம்தான் உச்ச ஆண்டின் பக்கத்தை மட்டும் புரட்டினோம். கையுறை, செம்பனை எண்ணெய், ரப்பர் போல விலை ஏறி இறங்கும் சரக்குகளில், இலாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பங்கு மலிவாகத் தோன்றும்.

இனி வரைபடம். எளிய கருவி ஒன்று உண்டு. கடைசி 50 நாள் விலையின் சராசரியை ஒரு கோடாக வரைவது. விலை கோட்டுக்கு மேல் இருக்கும்வரை வைத்திருப்பது, கீழே போனால் விற்பது. டாப் குளோவ் 2020 ஆகஸ்டில் உச்சம் தொட்டு, செப்டம்பரில் இறங்கி, அக்டோபரில் மீண்டும் ஏறியது. கோட்டை நம்பியவர் அப்போது ஒருமுறை விற்று மறுபடி வாங்கி, தரகுக் கூலியும் சிறு நட்டமும் கொடுத்திருக்கலாம். நவம்பர் 9ஆம் தேதி பைசர் தடுப்பூசிச் செய்தி வந்தது. மறுநாள் கையுறைப் பங்குகள் பலமாக விழுந்தன. அப்போது கோட்டுக்கு மதிப்புக் கொடுத்து வெளியேறியவர் பெரிய வீழ்ச்சியிலிருந்து தப்பினார். அவருக்கு ஆலைக் கணக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை, தேவைப்படவும் இல்லை.

ஆனால் வரைபடத்திற்கும் எல்லை உண்டு. இரவில் வரும் செய்தியை அது முன்கூட்டிச் சொல்லாது. தினமும் பார்க்க நேரம் வேண்டும். 2020 செப்டம்பரில் ஒரு பங்குக்கு இரண்டு இலவசப் பங்கு கொடுத்தார்கள், விலை மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. அதற்கேற்பத் திருத்தாத வரைபடத்தைப் பார்ப்பவருக்கு அது வீழ்ச்சிபோலத் தெரியும். கணக்கேட்டுக்கும் எல்லை உண்டு. காலாண்டு அறிக்கை, காலாண்டு முடிந்து இரண்டு மாதம் வரை கழித்து வரலாம். ஆகவே இரண்டு வாரத்தில் விற்க வேண்டிய பணத்திற்குக் கணக்கேடு உதவாது. பத்து வருடம் கழித்துப் பிள்ளைகளின் படிப்புக்கு வேண்டிய பணத்திற்கு 50 நாள் கோடு போதாது.

நம் வீடுகளில் கேட்கப்படும் ஒரு கேள்வி: "ஷரியா பட்டியலில் இருக்கிறதே, வாங்கலாமா?" பங்கு ஆணையம் மே, நவம்பர் மாதங்களில் வெளியிடும் பட்டியல் தொழில் ஆகுமானதா, வட்டிக் கடன் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறது. விலை நியாயமா என்பதை அது சொல்லாது. அந்த வேலை நம்முடையது.

இப்போது நாங்கள் வாங்குமுன் கடை நோட்டில் மூன்று வரி எழுதுகிறோம். இந்தப் பணம் எப்போது வேண்டும்? எதைப் பார்த்து வாங்குகிறோம்? எது நடந்தால் விற்போம்? வரைபடத்தைப் பார்த்து வாங்கியதை வரைபடம் சொல்லும்போதே விற்கிறோம். கணக்கேட்டைப் பார்த்து வாங்கியதை, விலை இறங்கினாலும், கணக்கு மாறாதவரை விற்பதில்லை. முதல் வரியில் "பெருநாள் சரக்கு" என்று வந்தால் பங்கே வாங்குவதில்லை.

போன நோன்புக்கு முன் மச்சான் ஒரு வரைபடம் கொண்டுவந்தார். அண்ணன் ஒன்றும் பேசாமல் நோட்டை அவர் பக்கம் தள்ளினார். மச்சான் முதல் வரியை எழுதிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சரக்கு எடுக்கப் போனார்.