தண்டால் எடுக்கும்போது இடுப்பு ஏன் தொய்கிறது?

(நமது சங்கத்தின் அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிஸியோதெரபிஸ்ட் என்ற முறையில் முதுகுவலி பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். அது பெரிய சமுத்திரம். அதனால் ஒரே ஒரு பயிற்சியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தண்டால், அதாவது புஷ்-அப்.

நம் அங்கத்தினர் ஒருவர் சென்ற வருஷம் என்னிடம் வந்தார். வயது 54, எடை 72 கிலோ. பெயர் வேண்டாம். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். தினமும் காலையில் ஸந்தியாவந்தனம் முடித்துவிட்டு 30 தண்டால் எடுப்பவர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மூன்று மாதமாக அடிமுதுகில் வலி. "டிஸ்க் நகர்ந்துவிட்டது, இனி தண்டால் கிடையாது" என்று தாமே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார். காலுக்கு இறங்கும் வலியோ மரமரப்போ இல்லை. இருந்திருந்தால் முதலில் டாக்டரிடம்தான் அனுப்பியிருப்பேன்.

"எனக்கு முன்னால் எடுத்துக் காட்டுங்கள்" என்றேன். பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் நான்கு நன்றாக இருந்தன. ஐந்தாவதில் இடுப்பு கீழே இறங்கியது. பத்தாவதில் மார்புக்கு முன்னால் வயிறு தரையைத் தொட்டது. அவர் எண்ணிக்கை 30. என் எண்ணிக்கை 4. அவருக்கு முகம் வாடிவிட்டது.

தண்டாலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உடம்பு ஒரு பலகை. ஒரு முனையில் கைகள், மறுமுனையில் கால்விரல்கள். அவரை எடை பார்க்கும் மிஷின்மேல் கைகளை ஊன்றச் சொன்னேன். முழங்கை நிமிர்ந்த நிலையில் 47 கிலோ காட்டியது, அதாவது உடல் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. கீழே இறங்கிய நிலையில் இது ஏறக்குறைய முக்கால் பங்காகிறது.

இந்தச் சுமையைத் தூக்குவதில் மூன்று தசைகளுக்கு முக்கியப் பங்கு. விரிந்திருக்கும் மேற்கையை உடம்பின் முன்பக்கம் கொண்டுவருவது மார்புத் தசை. மடங்கிய முழங்கையை நிமிர்த்துவது மேற்கையின் பின்னால் உள்ள ட்ரைசெப்ஸ். கைகளை நெருக்கி வைத்தால் ட்ரைசெப்ஸுக்கு வேலை கூடும். இந்த இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை.

மூன்றாவதை யாரும் நினைப்பதில்லை. அதன் பெயர் செராட்டஸ் ஆன்டீரியர். விலா எலும்புகளில் ரம்பப் பற்கள் போலத் தனித்தனியாகத் தொடங்கி, தோள்பட்டை எலும்பின் அடியில் நுழைந்து, அதன் உள் ஓரத்தில் போய்ச் சேர்கிறது. தோள்பட்டை எலும்பை விலாவோடு ஒட்டிப் பிடிப்பதும், முன்னோக்கிச் சுழற்றி இழுப்பதும் இதன் வேலை. பெஞ்சில் படுத்துக்கொண்டு எடை தூக்கும்போது தோள்பட்டை எலும்புகள் பெஞ்சில் அழுந்திவிடுகின்றன. தண்டாலில் அவை தாராளமாக நகரலாம். ஆகவே இந்தத் தசைக்கு நல்ல வேலை. இது சோர்ந்தால், தோள்பட்டை எலும்பின் உள் ஓரம் சிறகு போல முதுகில் புடைத்துக்கொள்ளும். மார்பு இரு தோள்களுக்கும் நடுவே தொங்கும். ஒரு பக்கம் மட்டும், சுவரில் லேசாகத் தள்ளும்போதுகூடப் புடைத்தால் நரம்புக் கோளாறாக இருக்கலாம். டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இடுப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். செராட்டஸின் கீழ்ப் பற்கள் விலாவில் முடியும் இடத்தில், வயிற்றின் பக்கவாட்டுத் தசையின் பற்கள் கைவிரல்களைக் கோத்தது போல வந்து பின்னிக்கொள்கின்றன. அந்தத் தசை கீழே இடுப்பெலும்புக்குப் போகிறது. கை, தோள்பட்டை எலும்பு, விலா, வயிறு, இடுப்பெலும்பு என்று ஒரே சங்கிலி. தண்டாலில் வயிறு சும்மா இருப்பதில்லை. பலகையின் நடுப்பகுதியைப் புவியீர்ப்பு கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதைத் தடுப்பவை வயிற்றுத் தசைகளும் பிருஷ்டத் தசைகளும். அவை கைவிட்டால் இடுப்பெலும்பு முன்பக்கம் சாய்கிறது, அடிமுதுகு குழிகிறது, முதுகெலும்பின் பின்பக்கச் சிறு மூட்டுகள் ஒன்றோடொன்று நெருக்குகின்றன. நம் நண்பர் தினமும் 26 தடவை அந்த மூட்டுகளை நெருக்கியிருக்கிறார்.

ஆகவே தொய்வு சொல்லும் செய்தி, "கையில் இன்னும் பலம் இருக்கிறது, நடுவில் தீர்ந்துவிட்டது" என்பதே. அது பலக்குறைவா, பழக்கக்குறைவா என்று கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. சுமார் இரண்டடி உயர மேஜையில் கைகளை ஊன்றுங்கள். அங்கே கைகளில் வரும் சுமை உடல் எடையில் 40 சதவீதம் அளவுதான். அங்கே நேராக இருந்து தரையில் தொய்ந்தால், பலம் போதவில்லை. மேஜையிலும் முதல் தடவையே தொய்ந்தால், இடுப்பெலும்பை எப்படிப் பிடிப்பது என்று உடம்புக்குத் தெரியவில்லை. நம் நண்பர் முதல் வகை.

வலி அடங்கும்வரை தரையில் தண்டாலை நிறுத்தினோம். பிறகு மேஜையில் ஆரம்பம். பிருஷ்டத்தை இறுக்கி, பெல்ட் பக்கிளை மோவாய்ப் பக்கம் சற்றே தூக்குவது போல வயிற்றைப் பிடிக்க வேண்டும். முழங்கை சிறகு விரிக்காமல், உடம்பிலிருந்து 45 டிகிரி அளவில் இருக்க வேண்டும். ஒன்றுவிட்டு ஒருநாள், எட்டெட்டாக இரண்டு முறை. மேலே வந்ததும் முழங்கையை மடக்காமல், தோள்களை இன்னும் ஓர் அங்குலம் முன்னே தள்ள வேண்டும். அந்தக் கடைசி அங்குலம் செராட்டஸுக்கானது. முதுகின்மேல் ஒரு கம்பைப் படுக்க வைத்து, தலை, முதுகு, பிருஷ்டம் மூன்றிலும் அது படுகிறதா என்று மாமி பார்த்துச் சொல்வார். கம்புக்கும் அடிமுதுகுக்கும் நடுவே உள்ளங்கை நுழையலாம். முஷ்டி நுழைந்தால் அன்றைய கணக்கு அத்தோடு சரி. இதுதான் அவருக்குக் கஷ்டமான விதி. கை "இன்னும் முடியும்" என்று சொல்லும்போது நிறுத்த வேண்டும்.

மூன்று வாரம் மேஜை, அடுத்த மூன்று வாரம் சுவரோடு சேர்த்துப் போட்ட கட்டில், பிறகு தரை. பத்தாவது வாரம் தரையில் கம்பு நகராமல் 12 எடுத்தார். முதுகுவலி தணிந்துவிட்டது. எல்லா முதுகுவலியும் இப்படித் தணியும் என்று நான் சொல்ல வரவில்லை. அவருடையது தொய்வினால் வந்தது.

கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: "இங்கே வடக்கே அகாடாவில் பயில்வான்கள் எடுக்கும் தண்டில் முதுகு வளையத்தானே செய்கிறது?" நல்ல கேள்வி. அவர்கள் பிருஷ்டத்தை உயர்த்தி, மார்பைத் தரையோரம் கொண்டுபோய், பிறகு முதுகைத் தாங்களே வளைத்து எழுகிறார்கள். அது தசையின் பிடியில் நடக்கும் அசைவு. நம் நண்பருக்கு நடந்தது பிடி நழுவி விழுந்த வளைவு. வளைவது வேறு, தொய்வது வேறு.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் யாரையாவது பக்கவாட்டில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பு இறங்கும் எண்ணுக்கு முந்தைய எண்தான் உங்கள் கணக்கு.