பங்களா வராந்தாவில் நடந்த பரீட்சை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் தெல்தோட்டைக்கு அருகேயுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டதை நாம் அறிவோம். நாம் அதிகம் பேசாதது, நட்ட பின் அவர் செய்த பரீட்சையைத்தான். பங்களா வராந்தாவிலே மேசைகளின் மேல் கொழுந்தைக் கையால் உருட்டுவித்தார். களிமண் அடுப்பில் கரித்தணலின் மேல் கம்பித் தட்டுகளை வைத்து உலர்த்தினார். கையுருட்டு மெதுவான வேலை என்று கண்டபின், 1872இல் உருட்டும் இயந்திரம் ஒன்றைத் தாமே அமைத்தார். அடுத்த ஆண்டில் 23 இறாத்தல் தேயிலை லண்டனைச் சென்றடைந்தது. சிறிய அளவில் செய்து பார்த்தே அவர் பெரிய வேலைக்குப் போனார்.

இன்று தொழிற்சாலையில் வேலை செய்யும் நம் வாலிபர் ஒருவர், உருட்டும் நேரத்தைக் குறைக்கலாம் என்று துரையிடம் சொல்ல விரும்பினால் என்ன செய்யவேண்டும்? ஒரே நாளில் பறித்து, ஒரே விதமாக வாட்டிய கொழுந்தை நிறுத்து, இரு பங்காக்க வேண்டும். ஒரு பங்கைப் பழைய முறையிலும் மற்றதைப் புதிய முறையிலும் உருட்ட வேண்டும். பின்னர் இரண்டையும் ஒரே விதமாகப் புளிக்கவைத்து உலர்த்தி, நிறுத்துப் பார்க்க வேண்டும். எது எந்த முறை என்று அறியாத ஒருவர் சாயத்தைச் சுவைத்துச் சொல்லவேண்டும். மழை நாளில் கொழுந்து வேறு விதமாக வாடுவதால், மழையிலும் வெயிலிலும் பலமுறை செய்யவேண்டும்.

கவனிக்க வேண்டிய குறைகள் உண்டு. உருட்டல் போதாவிட்டால் சாறு சரியாக வெளிவராது, சாயம் வெளிறிவிடும். அழுத்தம் மிகுந்தால் இலை சூடேறிச் சுவையின் துடிப்புக் குறையும்.

இன்னொரு பொறியும் உண்டு. ஒரு வைப்புக்கு 30 நிமிடம் பிடித்த உருட்டலை 24 நிமிடமாக்கினோம் என்று வைத்துக்கொள்வோம். பத்து வைப்புகளில் ஒரு மணி நேரம் மிச்சம். ஆனால் உலர்த்தும் இயந்திரம் பழைய வேகத்திலேயே ஓடினால், உருட்டிய இலை அங்கே காத்துக் கிடந்து அளவுக்கு மீறிப் புளித்துவிடும். மிச்சமான மணி நட்டமாகிவிடும். ஆகையால் எந்தப் படி தாமதிக்கிறதோ, அதையே முதலில் அளக்க வேண்டும்.

பெரியோர்களின் அச்சமும் நமக்குத் தெரியும். மிச்சமான நேரம் யாருடைய பெயரை செக்ரோலிலிருந்து நீக்கும் என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எனவே துரையிடம் கொடுக்கும் ஒரு பக்கக் கடிதத்தில் எடை, நேரம், சுவை ஆகிய மூன்றோடு, அந்த ஆட்களுக்கு என்ன வேலை என்பதையும் எழுதவேண்டும். அந்த நான்காவது வரி இல்லாத கடிதத்தில் நாம் கையொப்பமிடலாகாது.